ஆர்டர் படிவம் எண் 214: முழுக்கைச் சட்டை 1, பேண்ட் 1

ஆர்டர் எடுத்த நாள்: 2026 மார்ச் 6, வெள்ளி
தேவைப்படும் நாள்: மார்ச் 28, சனி

1. எதற்காகத் தைக்கிறீர்கள்?
விசேஷத்துக்கா, தினமும் போடவா, போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பீர்களா, வண்டி ஓட்டுவீர்களா என்று தயங்காமல் எழுதுங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும் பேண்ட் உட்கார்ந்தால் பிடிக்கும், அதனால் இது தெரியாமல் துணியில் கத்தரி வைக்க மாட்டோம்.

வாடிக்கையாளர் எழுதியது: அலுவலகத்துக்கு. எட்டு மணி நேரம் உட்கார்ந்த வேலை. போக வர பைக். கையை நீட்டினால் முதுகில் இழுக்கக் கூடாது.

2. அளவு
நீங்களே எடுக்காதீர்கள். குனிந்து டேப்பைப் பார்த்த உடனே அளவு மாறிவிடும், வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய பனியன் மேல் எடுத்தால் போதும். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் எப்போதும் நிற்பது போல நில்லுங்கள். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுங்கள், அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும்.

முக்கியமாக ஒன்று: லூஸுக்காக நீங்கள் எதையும் கூட்டி எழுத வேண்டாம். உடம்பளவை மட்டும் தாருங்கள். நீங்கள் 2 இன்ச் கூட்டி, அது தெரியாமல் நாங்களும் 4 இன்ச் கூட்டினால் சட்டை தொளதொளவென்று நிற்கும்.

கழுத்து (காலர் பட்டன் வரும் இடத்தில், டேப்புக்குள் ஒரு விரல் விட்டு): 15½ இன்ச்
மார்பு (அக்குளுக்குக் கீழே, டேப் முதுகில் இறங்காமல்): 38
வயிறு (தொப்புள் மட்டத்தில்): 35
தோள் (ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை, முதுகுப் பக்கமாக): 17½
கை (தோள் முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி): 24
சட்டை உயரம்: 29
பேண்ட் இடுப்பு (நீங்கள் பேண்ட் கட்டும் இடத்தில்): 34
சீட் (பின்பக்கம் அதிகம் புடைத்த இடத்தில்): 39
தொடை: 22
பேண்ட் உயரம், வெளிப்பக்கம் (ஷூ போட்டுக்கொண்டு): 40
உள்கால்: 29½

உடம்பைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா? தோள் இறக்கம், கூன், ஒரு கால் சற்றுக் குட்டை, எதுவானாலும் சொல்லுங்கள், எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருக்கும்.

வாடிக்கையாளர் எழுதியது: வலது தோள் இறங்கியிருக்கும். ரெடிமேட் சட்டை எது போட்டாலும் வலது பக்கம் காலருக்குக் கீழே சுருக்கம் விழும்.

கடைக் குறிப்பு: நேரில் பார்த்தோம், அரை இன்ச் இறக்கம். வலது தோளைத் தனியாக வெட்ட வேண்டும், இரண்டு பக்கமும் ஒன்றாக மடித்து வெட்டக் கூடாது.

3. துணி
காட்டன் வியர்வையை உறிஞ்சும், ஆனால் முதல் துவைப்பில் சுருங்கும், அதனால் நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுவோம், அதற்கு 2 நாள் கூடுதல். லினன் காற்றோட்டமானது, உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். பாலியஸ்டர் கலந்தது கசங்காது, வெயிலில் புழுங்கும். கட்டம், கோடு என்றால் முன்பக்கம் டிசைன் சேர கால் மீட்டர் அதிகம் வேண்டும்.

வாடிக்கையாளர் தேர்வு: சட்டைக்கு வெளிர் நீலக் காட்டன், பிளெய்ன், 58 இன்ச் அகலம், 1.75 மீட்டர். பேண்ட்டுக்குக் கருநீல பாலியஸ்டர்-விஸ்கோஸ், 1.3 மீட்டர். பாக்கெட் உள்துணி காட்டன்.

மாதிரி: அளவு சட்டை ஒன்று கொடுத்திருக்கிறார். காலர் மட்டும் அதைப் பார்த்து, மற்றதெல்லாம் மேலே எழுதிய அளவுப்படி.

4. ட்ரையல்
முதல் ட்ரையலில் ஓட்டுத் தையல்தான் போட்டிருப்போம், காஜா, பட்டன் இருக்காது. அரைகுறையாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பிரித்து மாற்றச் சுலபமாக இருக்கத்தான் அப்படி. அலுவலகத்துக்குப் போடும் ஷூவும் பெல்ட்டும் கொண்டு வாருங்கள். போட்டுப் பார்த்து உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், வண்டி ஓட்டுவது போல முன்னால் நீட்டுங்கள். பிடிக்கிறது என்று தோன்றினால் அங்கேயே சொல்லுங்கள், அப்புறம் பட்டன் வைத்த பிறகு தோளைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம். பேண்ட் பின்தையலில் ஒரு இன்ச் துணி உள்ளே விடுவோம், பின்னாளில் இடுப்புக் கூடினாலும் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் ட்ரையல்: மார்ச் 17, செவ்வாய், மாலை 6.30
இரண்டாவது ட்ரையல்: மார்ச் 24, செவ்வாய், மாலை 6.30
டெலிவரி: மார்ச் 28, சனி, காலை 11

வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தை வேறொருவருக்குத் தருவோம். முதல் ட்ரையல் தள்ளிப் போனால் டெலிவரியும் அத்தனை நாள் தள்ளும். வாங்கிப் போன 30 நாளுக்குள் ஆல்டரேஷனுக்குக் காசு வாங்க மாட்டோம்.

வாடிக்கையாளர் எழுதியது: 17 சரி. 24 அன்று 7 மணி ஆகும்.

கடைக் குறிப்பு: 24, 7 மணிக்கு மாற்றியாயிற்று.