காப்பிக்கடை வலைப்பதிவுக் கட்டுரைகள்: உரிமை, பெயர், திருத்தம் பற்றிய ஒப்பந்தம்

பெங்களூரு, 4 ஆகஸ்ட் 2025

இதில் ‘நீங்கள்’ என்பது ஜெயநகரில் காப்பித்தூள் கடை நடத்தும் உரிமையாளர். ‘நான்’ என்பது அல்சூரில் குடியிருந்து எழுதித் தரும் எழுத்தாளர். உங்கள் கடையின் வலைப்பதிவில் உங்கள் பெயரில் வருவதற்காக, செப்டம்பர் 2025 முதல் பிப்ரவரி 2026 வரை மாதம் இரண்டாக 12 தமிழ்க் கட்டுரைகள் எழுதித் தருகிறேன். ஒவ்வொன்றும் 800 முதல் 1,000 சொற்கள். கட்டுரைக்கு 6,000 ரூபாய். வறுக்கும் பக்குவம், தோட்டத்துக் கொட்டை, உங்கள் அப்பா காலத்துக் கடை என்று நீங்கள் பேசி அனுப்பும் குரல்பதிவுகளை வைத்தே எழுதுவேன்.

1. உரிமை

நான் உங்கள் கடையில் சம்பளத்துக்கு இருப்பவர் அல்ல. சம்பள வேலையில் எழுதியது, வேறு பேச்சு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். வெளியாள் எழுதித் தந்தால் அது முதலில் எழுதியவருக்கே சொந்தம் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் உரிமை கைமாறாது. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பிரிவு.

ஒரு கட்டுரைக்கான முழுத்தொகை என் வங்கிக் கணக்கில் சேர்ந்ததும், அதன் பதிப்புரிமை முழுவதும் உங்களுக்கு மாறுகிறது. வெளியிடலாம், சுருக்கலாம், கன்னடத்தில் மொழிபெயர்க்கலாம், புத்தகமாக்கலாம். இது உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும் பொருந்தும். காலம், இடம் இரண்டையும் சொல்லாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றும் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளும். உங்கள் தூளுக்குச் சிங்கப்பூரிலும் வாடிக்கை இருப்பதால் இதை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். ஓராண்டுக்குள் நீங்கள் வெளியிடாமல் வைத்திருந்தாலும் உரிமை என்னிடம் திரும்பாது.

பணம் சேரும்வரை கட்டுரை என்னுடையது. படித்துப் பார்க்கலாம், வெளியிடக் கூடாது. கெடு முடிந்து 30 நாள் ஆகியும் தொகை வராவிட்டால் அதை வேறு இடத்தில் பயன்படுத்துவேன். அப்போதும் உங்கள் குடும்பக் கதையையும் கலவைக் கணக்கையும் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன். அவை எந்த நிலையிலும் உங்களுடையவை. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

எழுதித் தருவது என் சொந்த எழுத்து, எங்கிருந்தும் எடுத்தது அல்ல என்று உறுதி தருகிறேன்.

2. பெயர்

கட்டுரையில் உங்கள் பெயர் மட்டுமே வரும். உரிமையை விற்ற பிறகும் ‘இதை எழுதியது நான்’ என்று கோரும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு எழுத்தாளரிடமே விட்டுவைக்கிறது. அதை நான் பொதுவெளியில் கோர மாட்டேன், சமூக ஊடகத்திலும் சொல்ல மாட்டேன். உங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு அது உங்கள் குரலாகவே இருக்கட்டும்.

ஆனால் எனக்கும் அடுத்த வேலை வேண்டும். புதிதாக வேலை தர நினைப்பவர் மாதிரி கேட்டால், வெளிவந்த கட்டுரைகளில் மூன்றை மட்டும் ‘நான் எழுதித் தந்தது’ என்று அவருக்குத் தனியாகக் காட்டுவேன். காப்பித்தூள் வியாபாரத்தில் இருப்பவருக்குக் காட்ட மாட்டேன். நீங்களும் நான் எழுதித் தந்ததை வேறொருவர் எழுதித் தந்ததாகச் சொல்லக் கூடாது.

3. திருத்தம்

கட்டுரைக்கு இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்திலேயே அடங்கும். வரைவு கிடைத்த 7 நாளுக்குள், எல்லாத் திருத்தங்களையும் ஒரே மின்னஞ்சலில், நீங்களே அனுப்ப வேண்டும். 7 நாளில் பதில் இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். முன்பு ஒரு வேலையில் அண்ணன், தம்பி, மைத்துனர் மூவரும் தனித்தனியே வாட்ஸ்அப்பில் சொல்ல, ஒரே பத்தியை ஒன்பது முறை மாற்றினேன். கடைசியில் முதலில் எழுதியதே வெளிவந்தது. அதனால் வீட்டில் பேசி முடித்துவிட்டு அனுப்புங்கள்.

‘பீபெரி பத்தியை மேலே கொண்டுவாருங்கள், அப்பா வறுவல் சட்டியைத் தட்டிப் பார்க்கும் சத்தத்தையும் சேருங்கள்’ என்பது திருத்தம். ‘பீபெரி வேண்டாம், ஃபில்டர் கழுவும் முறையை எழுதுங்கள்’ என்பது புதுக் கட்டுரை. அதற்குத் தனியாக 6,000 ரூபாய். மூன்றாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் 1,000 ரூபாய்.

என் தகவல் பிழைக்கு இந்தக் கணக்கு கிடையாது. காப்பி-சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதை நான் 49 என்று எழுதிவிட்டால், எத்தனை மாதம் கழித்துச் சொன்னாலும் இலவசமாகத் திருத்துவேன். நீங்களாகச் சேர்க்கும் வரிகளுக்கு, முக்கியமாக ‘இது சர்க்கரை நோய்க்கு நல்லது’ போன்றவற்றுக்கு, நீங்களே பொறுப்பு.

4. மற்றவை

இறுதி வடிவம் தந்த 10 நாளுக்குள் தொகை தர வேண்டும். யார் நிறுத்துவதானாலும் 15 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பாதி எழுதிய கட்டுரைக்கு 3,000 ரூபாய். தகராறு வந்தால் முதலில் நேரில் பேசுவோம், தீராவிட்டால் பெங்களூரு நீதிமன்றம்.

இரண்டு பிரதிகள், ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து.

கடை உரிமையாளர் கையெழுத்து
எழுத்தாளர் கையெழுத்து