மிளகாய்த்தூள் பாக்கெட்டில் கலப்படம்: மாதிரி எடுத்து ஆய்வு செய்யக் கோரி புகார்

14.11.2025

அனுப்புநர்
ம. தமிழரசி,
வடக்குத் தெரு,
பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
நியமன அலுவலர் அவர்கள்,
உணவு பாதுகாப்புத் துறை,
தஞ்சாவூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளைப் பாக்கெட்டில் வாங்கும் வழக்கம் கிடையாது. மிளகாய் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வோம். இந்த ஐப்பசியில் விடாத மழை, வெயிலே முகம் காட்டவில்லை. அதனால் கடந்த 8.11.2025 சனிக்கிழமை பாபநாசம் கடைத்தெருவில் உள்ள ஒரு மளிகைக் கடையில் 250 கிராம் பாக்கெட் இரண்டு வாங்கினேன். பில் எண் 4187. பாக்கெட் ஒன்று 110 ரூபாய், இரண்டுக்கும் 220 ரூபாய். பில்லில் மற்ற மளிகைச் சாமான்களும் சேர்ந்து மொத்தம் 613 ரூபாய். கடையின் பெயரும் முகவரியும் பில்லிலேயே இருக்கின்றன.

மறுநாள் மீன் குழம்பு வைத்தேன். வழக்கமாகப் போடும் அளவுதான். குழம்பு செக்கச் செவேல் என்று இருந்தது, காரம் மட்டும் இல்லை. கரண்டியிலும் என் விரலிலும் ஏறிய சிவப்பு சோப்புப் போட்டும் சரியாகப் போகவில்லை. சந்தேகப்பட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் அரை ஸ்பூன் தூளைத் தூவினேன். கலக்காமலேயே சிவப்புச் சாயம் கோடு கோடாகக் கீழே இறங்கியது. அடியில் படிந்ததை எடுத்து விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நறநறத்தது. பழைய டப்பாவில் மிச்சமிருந்த எங்கள் வீட்டுத் தூளையும் அதே மாதிரி தூவிப் பார்த்தேன். அதில் இப்படிக் கோடும் இறங்கவில்லை, நறநறப்பும் இல்லை. இது வீட்டுச் சோதனைதான், ஆய்வுக்கூட முடிவு ஆகாது என்பது எனக்குத் தெரியும். அன்று இரவு என் மாமியாருக்கு வயிற்றெரிச்சல் இருந்தது. அதற்கு இந்தத் தூள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

பாக்கெட்டில் உள்ள விவரம்: பேட்ச் எண் 250917/3, பேக் செய்த மாதம் 09/2025, 6 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், அதிகபட்ச சில்லறை விலை 110 ரூபாய். பேட்ச் எண்ணின் மை விரலால் தேய்த்தாலே கலைகிறது, அதனால் அந்த இடத்தைத் தொடாமல் படம் எடுத்து வைத்திருக்கிறேன். உணவு உரிம எண் என்று 1242300800047 என அச்சிட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் 13 இலக்கம்தான் வருகிறது. உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். அச்சுப் பிழையா, உரிமமே இல்லையா என்பதைத் தாங்கள்தான் பார்க்க வேண்டும்.

11.11.2025 அன்று கடைக்குப் போய்ச் சொன்னேன். "கம்பெனி சரக்கும்மா, நாங்க என்ன பண்றது? வேற பாக்கெட் தர்றேன்" என்றார் கடைக்காரர். தெரிந்தே விற்றார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நேற்றும் அதே பேட்ச் பாக்கெட்டுகள் அலமாரியில் இருந்தன. கார்த்திகை பிறந்தால் முகூர்த்தங்கள் வரும், சமையல்காரர்கள் இந்தக் கடையில்தான் மொத்தமாக எடுப்பார்கள்.

நான் மாற்றிக்கொள்ளவில்லை. பிரித்த பாக்கெட் ஒன்றும் பிரிக்காத பாக்கெட் ஒன்றும் என்னிடம் உள்ளன. உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வு செய்துகொள்ளலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமாம். குழம்பு வைப்பதற்கு வாங்கும்போது யாருக்கு அந்த யோசனை வரும்? அப்புறம், பில்லில் பேட்ச் எண்ணும் இல்லை. ஆகவே என் பாக்கெட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், உணவு பாதுகாப்பு அலுவலர் நேரில் வந்து அந்தக் கடையில் இருக்கும் அதே பேட்ச் சரக்கில் முறைப்படி மாதிரி எடுக்க வேண்டுகிறேன். சரக்கு விற்றுத் தீருவதற்குள் இது நடக்க வேண்டும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

அனுமதியில்லாத சாயமோ செங்கல் தூளோ இருப்பது உறுதியானால், அந்த பேட்ச் முழுவதையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்து, தயாரித்தவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். உரிம எண்ணையும் சரிபார்த்து, பகுப்பாய்வு அறிக்கையின் முடிவை எனக்குத் தபாலில் தெரிவித்தால் போதும். 220 ரூபாயைத் திரும்பக் கேட்டு இதை எழுதவில்லை.

பில் வெப்பத்தாளில் அடித்தது, இப்போதே எழுத்து மங்குகிறது. அதனால் ஜெராக்ஸ் எடுத்து இணைத்துள்ளேன். அசல் பில்லையும் இரண்டு பாக்கெட்டுகளையும் கேட்கும்போது நேரில் கொண்டுவந்து தருகிறேன், ஒப்புகைச் சீட்டு மட்டும் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. தமிழரசி

இணைப்பு: பில் நகல் 1, பாக்கெட்டின் முன்புறம், பின்புறம், பேட்ச் எண் படங்கள் 3, தண்ணீர்ச் சோதனைப் படங்கள் 2.