பெரியப்பா, உங்க பயோடேட்டாவ 50 வார்த்தைக்கு வெட்டிட்டேன், பாத்துட்டு சொல்லுங்க

பெரியப்பா, நீங்க அனுப்புன ரெண்டரைப் பக்கம் வந்துச்சு. முழுசா ரெண்டு தடவ படிச்சேன். மார்ச் 22 தண்ணி தின விழாவுக்கு காலேஜ்ல அடிக்கிற நிகழ்ச்சி நிரல் ஒரே ஒரு மடிச்ச தாள்தான், அதுல ஆறு பேரு பேசுறாங்க, ஆளுக்கு 50 வார்த்தைனு கறாரா சொல்லிட்டாங்க, உங்களுக்கு மட்டும் கூட குடுங்கனு என்னால கேக்க முடியாது, தம்பி மகளேதான் பொறுப்புல இருக்கானு ஏற்கனவே பேச்சு. பேரு மேல தனியா கொட்ட எழுத்துல வந்துரும், அது கணக்குல சேராது.

கீழ இருக்குறதுதான் அச்சுக்குப் போறது:

"வைகை, பெரியாறு பாசனத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றிய பொதுப்பணித்துறைப் பொறியாளர். உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, 2013இல் செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவர். அதன்பின் மேலூர்ப் பக்கம் 63 கண்மாய்களுக்கு நடந்தே சென்று, ஒவ்வொன்றிலும் மடை, கலுங்கு, வரத்துக்கால் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துக் குறித்திருக்கிறார். நீர்ப்பாய்ச்சிகளிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் மட்டும் ஏழு நோட்டுகள். கலுங்கு தாண்டிய தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு ஏன் போய்ச் சேருவதில்லை என்பதே இவரது இன்றைய பேச்சு."

எண்ணிப் பாருங்க, சரியா 50. நம்பரையும் ஒரு வார்த்தையாத்தான் எண்ணிருக்கேன். இடைவெளிய எடுத்துட்டு ரெண்ட ஒண்ணா ஒட்டி ஏமாத்தலாம்தான், ஆனா பேராசிரியர் ஒருத்தரு பேனாவ வச்சு எண்ணுற ஆளு, வேணாம்.

கோவப்படாதீங்க, எத எதுக்கு எடுத்தேன்னு சொல்லிர்றேன். நீங்க எழுதுனதுல ஒரு வரி இப்படி இருந்துச்சு: "தமிழ்நாடு அரசின் நீர்வளத் துறையில் 1979ஆம் ஆண்டு உதவிப் பொறியாளராகப் பணியில் இணைந்து, உதவிச் செயற்பொறியாளராகப் பதவி உயர்வு பெற்று, அதன்பின் செயற்பொறியாளராகவும் பதவி உயர்வு பெற்று, பல்வேறு கோட்டங்களில் சீரும் சிறப்புமாகப் பணியாற்றி, 2013ஆம் ஆண்டு பணி நிறைவு பெற்றவர்." இது ஒண்ணே 30 வார்த்தை பெரியப்பா! எதுல ஆரம்பிச்சு எதுல முடிஞ்சீங்கனு சொன்னா நடுவுல உள்ளது தானா புரிஞ்சிரும், அதான் ஆறு வார்த்தைல முடிச்சேன். அப்புறம் நீர்வளத் துறைனு தனியா வந்ததே 2021லதான, நீங்க இருந்தப்ப அது பொதுப்பணித்துறை, அதையும் மாத்திட்டேன், இல்லாட்டி கூட்டத்துல யாராச்சும் உங்க ஆபீஸ்காரங்களே எந்திரிச்சு சொல்லுவாங்க.

கிண்டில படிச்சது, மூணு கமிட்டில உறுப்பினரா இருந்தது, ரோட்டரில குடுத்த கேடயம் எல்லாம் போச்சு. கிண்டிய எடுக்க எனக்கே மனசு இல்ல, பெரியம்மா கேட்டா நான்தான் எடுத்தேன்னு சொல்லிருங்க. 1895ல பென்னிகுயிக் அணை கட்டுனதப் பத்தி ஒரு பத்தியே எழுதிருந்தீங்க, அது உங்க பேச்சுக்கு உள்ளது, உங்கள அறிமுகப்படுத்த அது எதுக்கு, மதுரைக்காரங்களுக்கு பென்னிகுயிக்க நாம சொல்லிக் குடுக்கணுமா என்ன.

ஆனா ஒண்ணு கேக்குறேன், அந்த 63 கண்மாய் விஷயத்தப் போயி கடைசிப் பக்கத்துல, பேரப்பிள்ளைங்க பேருக்கு மேல, "ஓய்வு நேரத்தில் கண்மாய்களைப் பார்வையிடுவதில் ஆர்வம் உடையவர்"னு ஏன் ஒளிச்சு வச்சீங்க? என்னமோ தபால்தலை சேக்குற மாதிரி! கால்ல செருப்பு தேய கரை மேலயே நடந்து, கலுங்கு கல்லு எத்தன பேந்து கெடக்குன்னு டேப்பு புடிச்சு அளந்த ஆளு நீங்க. சின்ன வயசுல நானும் ஒரு நாள் கூட வந்து டேப்போட மறுமுனையப் புடிச்சிருக்கேன், வெயில்ல அழுதுட்டே. அந்த மேடைல செயற்பொறியாளரா இருந்தவங்க இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, இதச் செஞ்சது நீங்க மட்டும்தான். அதான் பாதி இடத்த அதுக்கே குடுத்துட்டேன்.

மூணு விஷயம் நாளைக்கு காலைல 11 மணிக்குள்ள சொல்லணும், அதுக்கப்புறம் பிரஸ்ஸுக்குப் போயிரும். கண்மாய் 63தானா, இல்ல அந்தப் பட்டா போட்டு வீடு கட்டிட்டாங்கனு சொன்னீங்களே, அதையும் சேத்தா? நோட்டு ஏழா எட்டா, ஒண்ணு கரையான் அரிச்சிருச்சுன்னீங்க. அப்புறம் நீர்ப்பாய்ச்சினு போட்டா எல்லாருக்கும் புரியுமா, மடை திறக்குறவங்கனு மாத்தணுமா? மாத்துனா ஒரு வார்த்தை கூடும், "இவரது"வ எடுத்துருவேன்.

போட்டோவுக்கு கோட்டு போட்ட பாஸ்போர்ட் சைஸ் வேணாம் பெரியப்பா, கலுங்கு மேல துண்டக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி ஒண்ணு பெரியம்மா போன்ல இருக்கு, அத அனுப்பச் சொல்லுங்க.