அம்மாவின் காரியத்துக்கு விடுப்பு வேண்டி

மேனேஜர் சாருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 5 விடியற்காலையில் அம்மா வீட்டிலேயே காலமானதை அன்றே போனில் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் 20ஆம் தேதி. கொள்ளி வைத்த மகன் நான். அதுவரை ஊரை விட்டு வர முடியாது. 21 வரை விடுப்பு வேண்டும்.

இறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தீர்கள். வீட்டில் இறந்ததால் ஆஸ்பத்திரித் தாள் எதுவும் இல்லை, வி.ஏ.ஓ.விடம்தான் பதிய வேண்டும். மறுநாளே போய்விட்டேன். ஆதாரில் ‘மாரியம்மாள்’, ரேஷன் கார்டில் ‘மாரியம்மா’. அந்த ஒரு ‘ள்’ளுக்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்ப்பதால் வாரம் இரண்டு நாள்தான் வருகிறார். 21 நாளுக்குள் பதிந்துவிடுவேன். சான்றிதழ் கைக்கு வர அதற்கு மேலும் ஆகலாம்.

இப்போதைக்கு என்னிடம் இருப்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் காரியப் பத்திரிகையும்தான். இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்பது வருடமாக என்னைப் பார்க்கிறீர்கள் சார், என் வார்த்தையை நம்பி விடுப்பு கொடுங்கள். சான்றிதழ் வந்த அன்றே ஆபீசில் கொடுத்துவிடுவேன். செப்டம்பர் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

22ஆம் தேதி காலை ஷிப்டுக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
முருகேசன்
கட்டிங் பிரிவு