திருத்தம்: மே மாத லாரித் தண்ணீர்ப் பங்கு ரூ. 2,850 அல்ல, ரூ. 2,325

நாள்: 5.6.2025

வீட்டு உரிமையாளர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் 3 அன்று நான் அனுப்பிய மே மாதத் தண்ணீர்க் கணக்கு தவறு. சரியான பங்கு வீட்டுக்கு ரூ. 2,325. இன்னும் கட்டாத 19 வீட்டுக்காரர்கள் இந்தத் தொகையை மட்டும் கட்டினால் போதும். ஏற்கெனவே ரூ. 2,850 கட்டிவிட்ட 29 வீடுகளுக்கு, கூடுதலாக வாங்கிய ரூ. 525 ஜூன் மாதப் பராமரிப்புத் தொகையில் கழிக்கப்படும். இந்த மாதம் காலி செய்பவர்கள் சொல்லுங்கள், கணக்கில் அனுப்பிவிடுகிறேன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்த 14 லோடுக்கான பில் ரூ. 25,200. அதை ஏப்ரல் கணக்கிலேயே சேர்த்து உங்களிடம் வசூலித்தாகிவிட்டது. லாரிக்காரருக்குப் பணம் போனது மே 2 அன்று. வங்கிக் கணக்கில் அதைப் பார்த்து, மே மாதச் செலவாக மறுபடி எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, மன்னிக்கவும். லாரிக்காரருக்குப் பணம் ஒரு முறைதான் போயிருக்கிறது.

மே மாதம் உண்மையில் வந்தது 62 லோடு, 76 அல்ல. 12,000 லிட்டர் லோடு ஒன்று ரூ. 1,800 வீதம் மொத்தம் ரூ. 1,11,600. இதை 48 வீடுகளுக்குப் பிரித்தால் ரூ. 2,325 வருகிறது. டீசல், செக்யூரிட்டி சம்பளம், லிப்ட் பராமரிப்பு ஆகியவற்றை பில்களோடு மறுபடி ஒப்பிட்டேன், அவற்றில் மாற்றமில்லை. ஏப்ரல் கணக்கும் சரி.

இதைவிட முக்கியமாக ஒன்றைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு 613 லிட்டர் லாரித் தண்ணீர் செலவாகிறது, எங்கோ வீணாகிறது என்று எழுதியிருந்தேன். சி பிளாக்கைக் குறிப்பிட்டும் சொல்லியிருந்தேன். சரியான அளவு 500 லிட்டர். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை. சி பிளாக் குடும்பங்களிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதே கணக்கை வைத்து, ஞாயிற்றுக்கிழமை (ஜூன் 8) கூட்டத்தில் முன்பணத்தை உயர்த்தக் கேட்டிருந்தேன். அந்தக் கோரிக்கையை இப்போது எடுக்க வேண்டாம். ஜூன் கணக்கு முடிந்தபிறகு தேவையா என்று பார்ப்போம்.

பழைய கணக்கை நான் அழிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். கேட் ரெஜிஸ்டரில் மே 1 முதல் 31 வரை ஒவ்வொரு லாரிக்கும் நேரம், வண்டி எண், செக்யூரிட்டி கையெழுத்து இருக்கின்றன. அதை எண்ணிப் பார்த்துவிட்டு, "62தானே வருகிறது?" என்று கேட்டவர் ஏ பிளாக்கில் இருக்கும் ஒருவர். அவருக்கு நன்றி. ஜூன் முதல் ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு எண்ணையும் தேதியையும் கணக்கிலேயே எழுதுகிறேன். நிர்வாகக் குழுவில் இன்னொருவர் ரெஜிஸ்டரோடு சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே உங்களுக்கு வரும்.

பில்கள், ரெஜிஸ்டர், வங்கிக் கணக்கு நகல் எல்லாம் சனிக்கிழமை மாலை 5 முதல் 8 வரை சங்க அறையில் இருக்கும். நானும் இருப்பேன்.

பொருளாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
மேடவாக்கம், சென்னை