வீட்டுக்குத் தெரியாமல் பேசலாம், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்: 181

181 என்பது பெண்களுக்கான உதவி எண். மூன்றே இலக்கம், காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். சென்னையில் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் தமிழிலேயே பேசலாம்.

"என்ன சொல்லி ஆரம்பிப்பது?" என்றுதான் பல பேர் போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். கோர்வையாகச் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டில் பிரச்சினை, பேசணும்" என்றால் போதும், மீதியை அவர்களே மெதுவாகக் கேட்பார்கள். அழுகை வந்தால் அழுங்கள். பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் பெயரில்லாமலே பேச்சை ஆரம்பியுங்கள். வழியில் யாராவது வந்துவிட்டால் கட் செய்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

அடித்தால்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. சம்பளம் வந்த அன்றே ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வது, அம்மா வீட்டுக்குப் பேசவிடாமல் செய்வது, பிள்ளைகள் எதிரில் கேவலமாகத் திட்டுவது எல்லாமே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். வீடு கணவர் பெயரில் இருக்கிறது என்பதற்காக உங்களை நினைத்தபடி வெளியே தள்ளிவிட முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது (இது தெரியாமலேயே எத்தனை பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்!). வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

181க்குப் பேசுவதும் போலீஸில் புகார் எழுதிக் கொடுப்பதும் ஒன்றல்ல. முதலில் பேசுங்கள், என்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியா, கவுன்சலிங்கா, தற்காலிகமாகத் தங்க இடமா, போலீஸா என்று எது தேவையோ அங்கே சேர்த்துவிடுவார்கள். பாலியல் குற்றம் என்றால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைக்குரிய குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை; அதனால் "பேப்பரில் பேர் வந்துவிடுமே" என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

இந்த நிமிஷமே ஒருவர் கதவை உடைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் யோசிக்காமல் 112. பெண்களுக்கான காவல்துறை எண் 1091. பேச நேரம் கிடைக்கும்போது 181.

எங்கிருந்து பேசுவது என்பதுதான் நம் ஊரில் பெரிய பாடு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரே அறையில் ஐந்து பேர், மாமியார் காது வேறு பாம்புக் காது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம், ரேஷன் கடைக்குப் போய்வரும் வழி, ஆபீஸ் கேன்டீன், தாம்பரம் ரயிலில் பெண்கள் பெட்டியின் ஜன்னலோரம் என்று உங்களுக்குத் தோதான இடம் உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் போனை வீட்டில் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றால், பேசி முடித்ததும் கால் லிஸ்டிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள். சில போன்களில் கால் ரெக்கார்டிங் தானாகவே ஓடும், அதை முன்னாலேயே அணைத்துவிடுவது நல்லது. அதற்கும் வழியில்லையா, கூட வேலை செய்பவரின் போனை வாங்கிப் பேசுங்கள். 181 என்று பெயர் போட்டுச் சேமித்து வைக்கவே வைக்காதீர்கள், மனதில் இருந்தால் போதும்.

இனி, இந்த எண்ணைப் பரப்ப ஸ்டிக்கராக ஒட்டுவதற்கான வரிகள். ஷேர் ஆட்டோ முதுகுக்கு: "காசும் வேண்டாம், கதையும் ஜோடிக்க வேண்டாம், 181." ரயிலில் பெண்கள் பெட்டிக்கு: "அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு போன், 181." தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களின் ஓய்வறைக் கதவுக்கு உள்பக்கம்: "இங்கே உங்களை யாரும் பார்க்கவில்லை. பேசுங்கள், 181." கதவுக்கு உள்பக்கம்தான், வெளியே ஒட்டினால் அதை நின்று படிக்கவே ஒருத்திக்குக் கூச்சமாக இருக்கும். கல்லூரி ஹாஸ்டலுக்கு: "அவன் போட்டோவைக் காட்டி மிரட்டுகிறானா? தப்பு உன்மேல் இல்லை, 181."

இதைப் பகிர்வதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். கணவரோ அண்ணனோ போனைத் துருவிப் பார்க்கும் வீட்டுத் தோழிக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், குடும்ப குரூப்பிலும் போடாதீர்கள். பால் வாங்கப் போகும்போதோ பிள்ளையைப் பள்ளியில் விடும்போதோ பக்கத்தில் போய் மூன்று இலக்கத்தையும் வாயாலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.