சொன்னதை எழுது

ஓராள் நாடகம். ஏறக்குறைய பத்து நிமிடம்.

பாத்திரம்: கவிதா, கல்லூரியில் முதலாம் ஆண்டு. பார்வையற்ற மாணவர் முரளிக்குத் தேர்வு எழுதித் தருபவள். முரளி பேசுவதும் கண்காணிப்பாளர் பேசுவதும் இவள் வாயிலிருந்தே வருகின்றன. முரளிக்காகக் கண்ணை மூடவோ உருட்டவோ வேண்டாம். பேச்சு நிதானமாகும், காது கொஞ்சம் சாயும், அவ்வளவுதான்.

மேடை: காலி. நாற்காலி, மேசை கிடையாது. கையில் மூடி போட்ட ஒரு பேனா. எழுதுவதெல்லாம் தரையில், மைக்குக்குப் பக்கத்தில். உரசும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். ஒளி மாற்றம் இல்லை.

(கவிதா சம்மணமிட்டுக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். சர்... சர்... சர். சட்டென்று நிறுத்துகிறாள். நிமிர்கிறாள்.)

கேட்டுச்சா?

எழுதுனதைக் கேக்கலைங்க. நிறுத்துனதைக் கேக்குறேன்.

எனக்கும் கேட்டதில்ல. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து எழுதிக்கிட்டிருக்கேன். என் பேனா எங்க ஓடுது, எங்க நிக்குதுன்னு நான் கவனிச்சதே கிடையாது. முரளி அண்ணா சொல்ற வரைக்கும்.

(எழுகிறாள்.)

பேர் குடுத்தது நானாத்தான். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க, பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுத ஆள் வேணும்னு. கையெழுத்து நல்லா இருக்கணும். அவங்களைவிடக் கீழ் வகுப்புல படிக்கணும். அவங்க பாடம் நம்ம பாடமா இருக்கக் கூடாது. நான் காமர்ஸ், ஃபர்ஸ்ட் இயர். அவர் ஹிஸ்டரி, ஃபைனல் இயர். ஆகா, பத்துப் பொருத்தமும் இருக்குன்னு ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க.

ஸ்கூல்ல ஹிஸ்டரி புக்கைத் தலைமாட்டுல வச்சுத் தூங்குனவளா நீன்னு யாரும் கேக்கல. கேக்காததை நான் ஏன் சொல்லணும்?

(நிமிர்ந்து நின்று, கண்காணிப்பாளராக.)

"சொன்னதை எழுதணும். சொல்லாததை எழுதக் கூடாது. கேள்வியை வாசிக்கலாம், விளக்கக் கூடாது. மூணு மணி நேரப் பரீட்சைக்கு உங்களுக்கு நாலு மணி நேரம். புரிஞ்சுதா?"

புரிஞ்சுது சார். கை என்னோடது, மூளை அவரோடது. இதுல புரியாமப் போறதுக்கு என்ன இருக்கு?

(உட்காருகிறாள். கண்ணுக்குத் தெரியாத கேள்வித்தாளைப் பிரிக்கிறாள்.)

வாசிக்கிறதுலயே முதல் கண்டம். ஒரு மார்க் கேள்வி. வியன்னா மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் யார்? (எந்திரம்போல) அ, டாலிராண்ட். ஆ, காசல்ரே. (குரலில் தேன்) இ... மெட்டர்னிக். (மறுபடி எந்திரம்) ஈ, முதலாம் அலெக்சாண்டர்.

அண்ணா சிரிச்சுட்டாரு.

"ஏம்மா, அந்த மெட்டர்னிக் உனக்குச் சொந்தக்காரரா?"

இல்லண்ணா.

"அப்ப நாலு பேரையும் ஒரே மாதிரி கூப்பிடு."

குரலைச் சரி பண்ணிட்டேன். குரல்தானே, சொன்னா கேக்கும். அடுத்து அஞ்சு மார்க். பிரெஞ்சுப் புரட்சி. அண்ணா சொல்லச் சொல்ல எழுதுறேன். (எழுதுகிறாள்.) "பாஸ்டில் சிறைச்சாலை... தகர்க்கப்பட்ட நாள்... 1798 ஜூலை 14."

(பேனா நிற்கிறது. நீண்ட நிறுத்தம்.)

நான் ஒண்ணும் பண்ணலைங்க! வாயத் திறக்கல, இருமல, தொண்டையக்கூடச் செருமல. 1, 7 எழுதிட்டேன். அதுக்கு மேல கை போகல. அதுவா நின்னுடுச்சு.

(முரளியாக. தலை மெல்லச் சாய்கிறது.) "...1789. மாத்திச் சொல்லிட்டேன். 1789-னு எழுதிக்கோ."

(வேகமாக எழுதுகிறாள்.) அப்பாடா! ஞாபகம் வந்துடுச்சு, கெட்டிக்காரர்னு நினைச்சேன். அன்னைக்கு மூணு இடத்துல அண்ணாவுக்குத் திடீர் திடீர்னு ஞாபகம் வந்துச்சு. வெளிய வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணா, சூப்பரா எழுதிட்டோம்!

"எழுதிட்டோமா?"

(சந்தோஷம் வடிகிறது.)

"மூணு இடத்துல உன் பேனா நின்னுச்சும்மா. மூணு இடத்துலயும் நான் மாத்தினேன். மூணும் சரியாத்தான் இருந்திருக்கும். ஆனா அந்த மூணையும் நான் எழுதல."

கோவமா சொல்லியிருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன். கடையில மீதிச் சில்லறை அதிகமா குடுத்துட்டாங்கன்னு திருப்பிக் குடுப்போமே, அந்த மாதிரி சொன்னாரு.

சரி, சத்தம்தானே பிரச்சினை? அடுத்த பரீட்சைக்கு ஜெல் பேனா எடுத்துட்டுப் போனேன். வெண்ணெய் மாதிரி வழுக்கும், சத்தமே வராது. (தரையைத் தொடாமல் காற்றில் எழுதுகிறாள்.) ரெண்டு வரி சொன்னாரு. எழுதினேன். மூணாவது வரி சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திட்டாரு.

"எழுதுறியா?"

எழுதுறேண்ணா.

"எங்க? ஒண்ணும் கேக்கலையே."

ஜெல் பேனாண்ணா.

"அதை வை. பால் பாயிண்ட் எடு. சத்தம் வரலேன்னா நீ எழுதுறியா, சும்மா உக்காந்திருக்கியான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

(சபையிடம்.) பாத்தீங்களா மாட்டிக்கிட்டதை? சத்தம் வந்தாத்தான் நான் எழுதுறேன்னு அவருக்கு நம்பிக்கை. சத்தம் வந்தா, நான் தயங்குறதும் கேட்டுடும். அதனால நான் எழுதவும் எழுதணும், தயங்கவும் கூடாது. தப்பாச் சொன்னாலும் சரியாச் சொன்னாலும் ஒரே ஓட்டம்.

வீட்டுல உக்காந்து பழகுனேங்க! என் தம்பியை விட்டு வேணும்னே தப்புத் தப்பாச் சொல்லச் சொன்னேன். "நெப்போலியன் வாட்டர்லூவில் வெற்றி பெற்றான்." (பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாள்.) வெற்றி... பெற்றான். "அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் வாஸ்கோடகாமா." (எழுதுகிறாள்.) காமா. தம்பிக்கு ஒரே குஷி. அவன் உளறுனதை அக்கா எழுதி வைக்கிறது அவன் வாழ்க்கையிலயே அதுதான் முதல் தடவை.

(முழந்தாளிட்டு உட்காருகிறாள். வேகம் குறைகிறது.)

இருபதாம் நூற்றாண்டு உலக வரலாறு. பத்து மார்க். முதல் உலகப் போரின் முடிவும் வெர்சாய் உடன்படிக்கையும்.

அண்ணா அருமையா ஆரம்பிச்சாரு. வில்சன், லாயிட் ஜார்ஜ், கிளெமென்சோ, ஆர்லண்டோன்னு நாலு பேரையும் வரிசையா நிறுத்தினாரு. போருக்கான பொறுப்பை ஜெர்மனி மேல சுமத்துன 231-ஆம் பிரிவைச் சொன்னாரு. கண்ணாடி மண்டபத்தைச் சொன்னாரு. 1871-ல ஜெர்மன் பேரரசு பிறந்துச்சுன்னு அறிவிச்சதே அந்த மண்டபத்துலதான், அதே இடத்துல கூப்பிட்டு உக்கார வச்சுக் கையெழுத்து வாங்கினாங்கன்னு சொன்னாரு பாருங்க, எனக்கு எந்திரிச்சுக் கை தட்டணும்போல இருந்துச்சு. (கையைப் பார்த்து.) கை வேலையா இருந்துச்சு.

(எழுதியபடி.) "இந்த உடன்படிக்கை... கையெழுத்தான நாள்... ஜூன் 28..."

சரி. ரொம்பச் சரி. 1914-ல சரயேவோவுல ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்டதும் அதே ஜூன் 28-தான். அஞ்சு வருஷம் கழிச்சு அதே தேதி. சொல்லிடுவாரு...

"...1918."

(பேனா நிற்கவில்லை. ஆனால் மிக மெதுவான அசைவில், ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக.)

போர் நின்னது 1918, நவம்பர் 11. உடன்படிக்கை 1919. போர் முடிஞ்ச வருஷத்தையே இதுக்கும் போட்டுட்டாரு. எல்லாரும் விழுற குழிதான்.

ஒண்ணு. எழுதிட்டேன். ஒம்பது. எழுதிட்டேன். ஒண்ணு. எழுதிட்டேன்.

கடைசி எழுத்து.

(பேனா தரையில் ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றுகிறது.)

ஒம்பதும் எட்டும் மேல ஒரே மாதிரிங்க. ரெண்டுக்கும் ஒரு வட்டம். மேல் வட்டத்தை முடிச்சுட்டு நேரா கீழ இழுத்தா ஒம்பது. இன்னொரு வட்டம் போட்டா எட்டு. கீழ் வட்டத்தைக் கொஞ்சமா மூடாம விட்டா? அதை எட்டுன்னும் படிக்கலாம், ஒம்பதுன்னும் படிக்கலாம். யாரு கேப்பா? திருத்துறவர் நூறு பேப்பர் திருத்திக் களைச்சுப்போய் இருப்பாரு. ஒம்பதுன்னு நினைச்சு டிக் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாரு. நான் மாத்தினதாவும் ஆகாது. என் கையெழுத்து கோழி கிளறுன மாதிரின்னு வேணா சொல்லட்டுமே!

கையெழுத்து நல்லா இருக்குன்னுதானே என்னை எடுத்தாங்க.

(பெரிதாக ஒரு மூச்சை இழுத்து அடக்குகிறாள். கீழ் வட்டத்தைப் போடுகிறாள். மூடுகிறாள். மூச்சை விடாமலே அடுத்த வரிக்கு ஓடுகிறாள்.)

எட்டு. குண்டு எட்டு. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அது எட்டுதான்னு. பேனா நிக்கவே இல்ல. ஜெயிச்சுட்டேன்!

(மணி அடிப்பதைக் கேட்டதுபோல் நிமிர்கிறாள்.)

"இன்னும் இருபது நிமிஷம்." எல்லாத்தையும் ஒரு தடவை வாசிச்சுக் காட்டச் சொன்னாரு. வாசிச்சேன். வெர்சாய் வந்துச்சு. மெட்டர்னிக்கை நினைச்சுக்கிட்டே வாசிச்சேன். (எந்திரம்போல.) ஜூன் 28, 1918. உடன்படிக்கையின் முக்கிய விதிகள் பின்வருமாறு...

"கொஞ்சம் இரு."

(அசையாமல் இருக்கிறாள்.)

"வெர்சாய் தேதிகிட்ட ஏதோ தப்பு இருக்கு."

நான் நிக்கலையே! பேனா நிக்கவே இல்லையே!

"பேனா நிக்கலம்மா. மூச்சு நின்னுச்சு. எழுதும்போதே கேட்டுச்சு."

(மெல்ல, அடக்கியிருந்த மூச்சை விடுகிறாள். கிட்டத்தட்டச் சிரிப்பு.)

மூச்சை எந்தக் கடையில போயி மாத்துறது, சொல்லுங்க!

(குரல் தணிந்து.) அண்ணா, மாத்தணுமா? விதிப்படி நான் அதைத்தான் கேக்கலாம். அதை மட்டும் கேட்டேன்.

"இப்ப யோசிச்சா வருஷம் வந்துடும். வந்துடுச்சுன்னே வச்சுக்கோயேன். ஆனா யோசிக்கச் சொன்னது யாரு? அப்படியே இருக்கட்டும்."

(வெடிக்கிறாள், ஆனால் குரல் உயராமல், தேர்வறைக்குள் அடங்கிய கோபமாக.)

இருக்கட்டுமா? அந்தப் பக்கத்து ஹால்ல ஒருத்தன் முழங்கை வரைக்கும் எழுதி வச்சிருக்கான். முன்னாடி பெஞ்சுக்காரனுக்குப் பின்னாடி பெஞ்சுக்காரன் குடும்பத்தோட கடன்பட்டிருக்கான். இவருக்கு மட்டும் ஒரு மூச்சு ஆகாதாம்! தெரிஞ்ச வருஷத்தைத் தெரியலேன்னு விட்டுட்டு ஒரு மார்க்கைத் தூக்கிக் குப்பையில போடுறாரு. நேர்மையாம். எனக்கு ஒப்பலைங்க. அன்னைக்கும் ஒப்பல, இன்னைக்கும் ஒப்பல. நான் அவர் இடத்துல இருந்தா மாத்தியிருப்பேன். நீங்களும் மாத்தியிருப்பீங்க. கை தூக்குங்க பாப்போம், மாத்த மாட்டேன்கிறவங்க.

(சபையை நிஜமாகவே பார்க்கிறாள். கை எழுந்தாலும் எழாவிட்டாலும் அதற்கேற்ற ஒரு தலையசைப்பு.)

ஆனா அவர் இடத்துல நான் இல்லையே. எந்த மார்க் வாங்கினாலும், "யாரு எழுதிக் குடுத்தா?"ன்னு கேக்குற ஆளுங்க என்னைக் கேக்கப் போறதில்ல. அவரைத்தான் கேப்பாங்க.

(கண்காணிப்பாளராக.) "டைம் ஆச்சு. பேப்பரைக் கட்டுங்க."

(நூலால் தாள்களைக் கட்டுகிறாள். இறுக்கி முடிச்சுப் போடுகிறாள். எழுகிறாள். தோளை நீட்டுகிறாள், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அதைப் பற்றிக்கொள்கிறது. இருவரும் நடக்கிறார்கள்.)

"கோவமா?"

இல்லண்ணா.

"மூச்சு கோவமா வருதே."

(நிற்கிறாள். வேண்டுமென்றே நீளமாக, அமைதியாக ஒரு மூச்சு விட்டுக் காட்டுகிறாள்.) இப்ப?

"நடிக்கிறே."

(நடக்கிறாள்.) அடுத்த பரீட்சை எப்பண்ணா?

"வியாழக்கிழமை. தொல்லியல். மண்ணடுக்கு, கார்பன் 14, பானை ஓடு எல்லாம் வரும். உனக்குத் தெரியுமா?"

(முகம் மலர்கிறது. அரங்கு அதிரும் குரலில்.)

ஒரு எழவும் தெரியாதுண்ணா!

(வேகமாக வெளியேறுகிறாள். தோளில் அவர் கை இருப்பது நினைவு வந்து, நடையைக் குறைத்துக்கொள்கிறாள்.)